நெபுலைசர் வெச்சாதான் கேட்குமா? ஸ்பேசரில் மருந்து வீணாகும் இடங்கள்

ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தால், பல வீடுகளில் முதலில் வரும் வார்த்தை, "போய் நெபுலைசர் வெச்சுட்டு வந்துடலாம்" என்பதுதான். டாக்டர் போன மாதம் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் அலமாரியில் இருக்கும். கூடவே வாங்கிய ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும் இருக்கும். "நாலு பஃப் அடிச்சுப் பார்த்தோம், கேட்கலை" என்று சொல்லிக்கொண்டே குழந்தையை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கிளம்பிவிடுவார்கள். கிளினிக்கில் மெஷினைப் போட்டதும் பதினைந்து நிமிடத்தில் மூச்சு இறங்கும். அத்தோடு, "இன்ஹேலர் சும்மா, நெபுலைசர்தான் பவர்" என்ற முடிவு வீட்டில் உறுதியாகிவிடும்.

ஆனால் இரண்டிலும் போவது பெரும்பாலும் ஒரே மருந்துதான்: சால்பியூடமால். சுருங்கிப்போன மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற மருந்து. கிளினிக்கில் கேட்ட மருந்து வீட்டில் ஏன் கேட்கவில்லை என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

நெபுலைசருக்கு பவர் அதிகம் என்று தோன்றுவதற்குக் கணக்கும் ஒரு காரணம். நெபுலைசரில் ஊற்றும் சிறு பிளாஸ்டிக் குப்பியில் வழக்கமாக 2.5 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதாவது 2,500 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். காகிதத்தில் பார்த்தால் ஒரு குப்பி 25 பஃபுக்குச் சமம்.

குப்பியில் இருப்பதெல்லாம் நுரையீரலுக்குப் போவதில்லை. மெஷின் நிற்காமல் புகையை அனுப்பிக்கொண்டே இருக்கும். குழந்தை மூச்சை வெளியே விடும் நேரத்தில் வரும் புகை மாஸ்க்கின் ஓட்டை வழியாக அறைக்குள் போய்விடும். புகை நின்ற பிறகும் கிண்ணத்தின் அடியில் அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை திரவம் தங்கிவிடும். மிச்சத்தில் ஒரு பகுதி வாயிலும் மூக்கிலும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நுரையீரலைச் சேருவது, ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சின்னக் குழந்தைகளுக்கு அதைவிடவும் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற அந்த வெள்ளைப் புகைதான் நம்பிக்கை தருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புகை, உள்ளே போகாத மருந்து.

இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு தொகுத்து 2013-ல் வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் போகாத ஆஸ்துமா தாக்குதலில், ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் கொடுத்தவர்களைவிட நெபுலைசர் வைத்தவர்கள் அட்மிட் ஆவது குறையவில்லை. ஸ்பேசர் பயன்படுத்திய குழந்தைகள் அவசரப் பிரிவிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பினார்கள். நெஞ்சு படபடப்பும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

பதினைந்து நொடியில் நடக்கும் சேதாரம்

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். குழந்தைக்கு ஐந்து வயது. டாக்டர் சீட்டில் எழுதியது: இரைப்பு வந்தால் ஸ்பேசரில் 4 பஃப், குறையவில்லை என்றால் 20 நிமிடம் கழித்து இன்னொரு 4. அப்பா அவசரத்தில் இன்ஹேலரை ஸ்பேசரில் செருகி 'டப் டப் டப் டப்' என நான்கு தடவை அழுத்துகிறார். அப்புறம்தான் அம்மா மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோகிறார். குழந்தை அழுது தலையைத் திருப்புகிறது. இரண்டு மூச்சு உள்ளே போனதோ இல்லையோ, மாஸ்க்கை எடுத்தாகிவிட்டது. மொத்தம் பதினைந்து நொடி. சீட்டில் எழுதியபடி நாலு பஃப் அடித்தாயிற்று. உள்ளே போனது அரை பஃபாவது இருக்குமா என்பது சந்தேகம்.

முதல் தவறு, குலுக்காதது. டப்பாவுக்குள் மருந்து கரைந்து இருப்பதில்லை. நுண்ணிய தூளாக, அழுத்தத்தில் திரவமான வாயுவில் மிதக்கிறது. சும்மா வைத்திருந்தால் இரண்டும் பிரிந்துவிடும். குலுக்காமல் அடித்தால் ஒரு பஃபில் மருந்து குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் வரும். ஒரு மாதமாகத் தொடாத இன்ஹேலர் என்றால் முதல் ஓரிரு பஃப் நம்பத்தக்கதல்ல. குலுக்கிவிட்டு அவற்றைக் காற்றில் அடித்துவிட வேண்டும்.

அடுத்தது, நான்கையும் ஒன்றாக அடித்தது. மருந்து அதிகமாகச் சேரும் என்றுதான் பலரும் இப்படிச் செய்கிறார்கள். நடப்பது நேர்மாறு. துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி ஸ்பேசரின் சுவரில் படிந்துவிடும். நான்கு பஃபைச் சேர்த்து அடித்தால், நான்கைத் தனித்தனியாக அடித்தால் கிடைப்பது கிடைக்காது. அதோடு, மருந்து மேகம் குழாய்க்குள் காத்துக்கொண்டு நிற்பதும் இல்லை. சில நொடிகளிலேயே படிய ஆரம்பித்துவிடும். அதனால் மாஸ்க்கை முகத்தில் வைத்த பிறகுதான் அழுத்த வேண்டும்.

மூன்றாவது, அழுகை. "அழுதா நல்லா இழுக்கும்" என்று பாட்டிகள் மட்டுமல்ல, சில நர்ஸ்களும் சொல்கிறார்கள். அழுகை என்பது நீளமாக மூச்சை வெளியே விடுவது; நடுவில் ஒரு வேகமான சின்ன இழுப்பு. அந்த இழுப்பில் வரும் மருந்து தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போகும். அம்மா மடியில், போனில் ஏதாவது பாட்டை ஓடவிட்டாவது குழந்தையை அமைதிப்படுத்தும் இரண்டு நிமிடம், இன்னும் இரண்டு பஃபைவிட மதிப்பானது. மாஸ்க்கை பகலில், இரைப்பு இல்லாத நேரத்தில், விளையாட்டாக வைத்துப் பழக்கியிருந்தால் ராத்திரி இந்தப் போராட்டமே குறையும்.

நாலாவது, மாஸ்க்கின் ஓரத்தில் விழும் இடைவெளி. ஸ்பேசரில் ஒரு வால்வு உண்டு. குழந்தை மூச்சு இழுக்கும்போது அது திறந்தால்தான் மருந்து வரும். முகத்தில் மாஸ்க் ஒட்டாமல் ஒரு ஓரம் திறந்திருந்தால், குழந்தை அந்த ஓரத்தின் வழியாக வெறும் காற்றைத்தான் இழுக்கும். வால்வு அசைகிறதா என்று பார்ப்பதே சரிபார்க்க எளிய வழி. சில ஸ்பேசர்களில் விசில் சத்தம் வரும். மருந்து போகிறது என்பதற்கான அடையாளமாகப் பலர் அதை நினைக்கிறார்கள். குழந்தை ரொம்ப வேகமாக இழுக்கிறது, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அதே நாலு பஃபைச் சரியாகக் கொடுத்தால் இப்படி இருக்கும். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகி, மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி பதிய வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை அழுத்தி, சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விட வைக்க வேண்டும். பிறகு மாஸ்க்கை எடுத்து, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் என்றால் நாலு பஃபுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஐந்து வயதுக் குழந்தை வாயால் கவ்வி இழுக்கப் பழகிவிட்டால் மாஸ்க்கே வேண்டாம். மாஸ்க்கில் மூக்கு வழியாக இழுக்கும்போது மூக்கு கொஞ்சம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வாயால் இழுத்தால் அந்த நஷ்டமும் இல்லை.

கிளினிக்கில் நெபுலைசர் ஜெயிப்பதன் ரகசியமும் இதுதான். மெஷின் பத்து நிமிடம் ஓடும், குழந்தை பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு விடும், யாரும் அவசரப்படுவதில்லை. அந்தப் பொறுமையில் கால்வாசி ஸ்பேசருக்குக் கிடைத்தாலே போதும். நெபுலைசரிலும் அந்தப் பொறுமை போனால் கதை அதேதான். அழும் குழந்தைக்கு ஒரு அங்குலம் தள்ளி மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, "புகை மூக்குகிட்ட போகுது, போதும்" என்று நினைத்தால், பெரும்பகுதி மருந்து அறைக்குத்தான் போகிறது.

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. "2 பஃப், தேவைப்பட்டால்" என்று சீட்டில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்ததாகப் பல இடங்களில் நினைக்கிறார்கள். மருந்துக் கடையில் டப்பாவைக் கவரில் போட்டுக் கொடுப்பதோடு சரி. மாத்திரைக்கு அது போதும், இன்ஹேலருக்குப் போதாது. செய்து காட்டுவதோடு, "இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், மேலே சொன்ன நான்கு தவறுகளும் அந்த அறையிலேயே பிடிபட்டிருக்கும். கேட்காத டாக்டரிடம், "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று பெற்றோரே சொல்லலாம். வீட்டுக்கு நெபுலைசர் மெஷின் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

துணியால் துடைத்தால் என்ன ஆகும்?

புது பிளாஸ்டிக் ஸ்பேசரின் சுவரில் நிலைமின்சாரம் இருக்கும். சீப்பால் தலை வாரியபின் காகிதத் துண்டு ஒட்டுவதுபோல, மருந்துத் துளிகள் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். வாங்கியவுடனும், பிறகு மாதம் ஒரு முறையும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊற வைத்து, அப்படியே காற்றில் காய விட வேண்டும். உள்பக்கத்தைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் திரும்ப வந்துவிடும். சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் துடைத்து வைக்கும் வீட்டில்தான் மருந்து அதிகமாக வீணாகிறது.

ஸ்பேசர் என்பதே பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் குழுவினரும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் இன்ஹேலர் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்து, ஆஸ்துமா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக அது வேலை செய்தது. 1999-ல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வெளியானது. துளையைச் சுற்றி அடைக்காத பாட்டில் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை என்பதும் அதில் இருக்கிறது. இங்கேயும் இடைவெளிதான் பிரச்சினை.

எப்போது ஸ்பேசரோடு நிற்கக் கூடாது

பேச வாயெடுத்தால் ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் நிற்பது, விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே குழிவது, உதடு நீலம் பாய்வது, இரைப்புச் சத்தமே கேட்காமல் குழந்தை துவண்டு போவது: இவை ஆக்சிஜன் தேவைப்படுகிற நிலை. அங்கே ஆக்சிஜனோடு சேர்த்து ஓட்டும் ஆஸ்பத்திரி நெபுலைசருக்கு இடம் உண்டு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃபாகக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சீட்டில் எழுதிய இரண்டு சுற்றும் சரியாகக் கொடுத்து இறங்கவில்லை என்றாலும், இறங்கிய இரைப்பு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் திரும்பினாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, ரொம்பச் சாதாரணமானது: டப்பா காலி. மருந்து தீர்ந்த பிறகும் மிச்ச வாயு 'உஸ்' என்று வரும். சத்தத்தை வைத்தோ, தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது. எண் காட்டும் இன்ஹேலர் என்றால் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கணக்குதான். 120 பஃப் உள்ள தடுப்பு இன்ஹேலரைக் காலை 2, இரவு 2 என்று எடுத்தால் 30 நாளில் தீரும். பிரித்த அன்றே, தீரும் தேதியை டப்பாவின் மேல் மார்க்கரால் எழுதிவிடலாம். இரைப்புக்கான 200 பஃப் இன்ஹேலரை எப்போதாவதுதான் எடுப்பதால் அப்படித் தேதி போட முடியாது. காலண்டரில் ஒவ்வொரு முறையும் எத்தனை பஃப் என்று குறித்து வைத்தால் போதும். அந்த எண்கள் மளமளவென்று ஏறினால் அடுத்த டப்பா வாங்குவதற்கு முன் டாக்டரிடம் காட்ட வேண்டியது அந்தக் காலண்டரைத்தான்.