ஜின்செங் டீ: அப்பாவின் சுகர், பிபி மாத்திரையோடு ஒத்துப்போகுமா?

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் லீவில் வரும்போது ஒரு டப்பா ஜின்செங் வேர் வாங்கி வருகிறார். "தினமும் காலையில டீ மாதிரி போட்டுக் குடிங்கப்பா, உடம்புக்குத் தெம்பு, சுகரும் குறையும்." அப்பாவுக்கு வயது 58. அலமாரியில் ஏற்கெனவே மூன்று மாத்திரை அட்டைகள்: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு அம்லோடிபின். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போன மாத்திரைகளாகவும் இருக்கலாம்.

ஜின்செங் நல்லதா கெட்டதா என்று இங்கே கேட்பதில் பெரிய பயன் இல்லை. அந்த அட்டையில் என்ன பேர் எழுதியிருக்கு என்பதுதான் முதல் கேள்வி.

சுகர் உண்மையிலேயே குறையுமா?

குறையலாம். கனடாவின் டொரண்டோவில் ஒரு ஆய்வுக் குழு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை இதில் பிரபலம். 3 கிராம் அமெரிக்க ஜின்செங் பொடியை கேப்சூலாகக் கொடுத்து, 25 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு, சாப்பிட்ட பிறகு ஏறும் சுகர் சுமார் 20 சதவீதம் குறைவாக ஏறியது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் குறைந்தது, ஆனால் 40 நிமிடம் முன்னதாக எடுத்துக்கொண்டால் மட்டும்தான். மொத்தமே 19 பேரிடம் நடந்த சின்ன சோதனை இது.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் இதோடு நின்றுவிடும். அதே குழு 2003-இல் அதே வகை வேரை, ஆனால் வேறொரு பேட்ச்சிலிருந்து எடுத்து, மறுபடி சோதித்தது. சுகரில் ஒரு மாற்றமும் இல்லை. வேரில் வேலை செய்யும் ஜின்செனோசைடு என்ற பொருட்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் வேறு அளவில், வேறு கலவையில் இருக்கின்றன. ஆய்வகத்திலேயே இப்படி என்றால், நம் கிச்சன் டப்பாவில் இருப்பது எவ்வளவு வேலை செய்யும் என்று யார் சொல்வது? அதனால்தான் "டீ குடிக்கிறோமே, மாத்திரையைப் பாதியா குறைச்சுக்கலாம்" என்பது ஆபத்தான கணக்கு. இந்த டப்பா குறைக்கும், அடுத்த டப்பா குறைக்காது.

எந்த மாத்திரையோடு சிக்கல்?

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு சுகர் திடீரென்று அபாய அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை வேறு கதை. சுகர் ஏற்கெனவே குறைவாக இருந்தாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும் மருந்துகள் இவை. இன்சுலின் ஊசி போடுபவருக்கும் இதே கவனம் வேண்டும்.

அந்த அப்பாவின் ஒரு காலையைப் பாருங்கள். 7 மணிக்கு கிளிமிபிரைடு போடுகிறார். கூடவே வெறும் வயிற்றில் ஜின்செங் டீ. வேலைக்குப் போய் சாப்பிட்டுக்கலாம் என்று டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கு. ஒரு கூட்ஸ், அதன் பின்னால் இன்னொரு வண்டி. 9 மணிக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, காரணமில்லாமல் எரிச்சல். மாத்திரை, டீ, தாமதமான இட்லி: தனித்தனியாக ஒவ்வொன்றையும் சமாளித்திருப்பார். மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததுதான் பிரச்சினை.

அந்த நேரத்தில் குளுக்கோமீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. சரியானதும் சாப்பாடு. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்குப் போன் பண்ணுங்கள். இன்னொன்று: பிரஷருக்கு அடினலால் மாதிரி மாத்திரை எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் சரியாகத் தெரியாமல் போகலாம். அவருக்கு வியர்வைதான் நம்பகமான அறிகுறி.

பிபி ஏறுமா, இறங்குமா?

இங்கே விடை கொஞ்சம் சலிப்பானது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக பெரிய மாற்றம் இல்லை. ஆனால் சராசரி என்பது உங்கள் அப்பா இல்லை. சிலருக்கு ஜின்செங் தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைத் தரும். அதோடு நாலு வேளை காபியும் சேர்ந்தால் பிரஷர் ஏற வழி இருக்கு.

அம்லோடிபினில் இன்னொரு கோணம் உண்டு. கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கும் ஒரு என்சைமை ஜின்செங் முடுக்கிவிடும். 2012-இல் வெளியான ஒரு ஆய்வில், 28 நாள் ஜின்செங் எடுத்தவர்கள் உடலில் மிடசோலம் என்ற மயக்க மருந்தின் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அம்லோடிபினையும் உடைப்பது அதே என்சைம்தான். அதனால் நாலு வாரம் கழித்து பிபி மெல்ல ஏறினால், உப்பை மட்டும் குறை சொல்லாமல் டப்பாவையும் பாருங்கள்.

குடிச்சே ஆகணும் என்றால்?

கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ எடுப்பவர் தவிர்த்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. இதய வால்வு மாற்றியவர்கள் எடுக்கும் வார்ஃபரின் மாதிரியான ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து இருந்தால் பேச்சே இல்லை, வேண்டாம். அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேகத்தைக் குறைத்தது 2004-இல் ஒரு சோதனையில் பதிவாகியிருக்கு.

மற்றவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, குறுகிய காலத்துக்கு முயற்சி செய்யலாம். ஜெர்மனியின் மூலிகை நிபுணர் குழு சொன்ன அளவு நாளுக்கு 1 முதல் 2 கிராம் வேர், அதிகபட்சம் மூன்று மாதம். மாத்திரை எடுப்பவர் அவ்வளவு தூரம் போக வேண்டாம், இரண்டு மூன்று வாரம் போதும். சமையலறைத் தராசில் 1 கிராம் சரியாக நிற்காது. அதனால் 10 கிராம் வேரை எடைபோட்டு பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்வது சுலபம். ஒரு பங்கை ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, காலை உணவோடு குடியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், ராத்திரியும் வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் வெறும் வயிற்று சுகர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சுகர், காலை மாலை பிபி எல்லாம் போனில் குறித்து வையுங்கள். குடிக்கும் நாட்களிலும் அதையே தொடருங்கள். முந்தின வாரம் இல்லாமல் பிந்தின வாரத்தை எதோடு ஒப்பிடுவது? சுகர் ஒரு தடவை 70-க்குக் கீழே போனாலோ, கட்டுக்குள் இருந்த பிபி 140/90-ஐத் தாண்டி நின்றாலோ, எழுந்ததும் தலைசுற்றினாலோ, தூக்கம் போனாலோ டீயை நிறுத்துங்கள். மாத்திரையை அல்ல.

கடையில் வாங்கும்போது லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாஷேயில் வரும் இன்ஸ்டன்ட் ஜின்செங் டீயில் பல, பெரும்பாலும் சர்க்கரைதான், சாறு கொஞ்சூண்டு. சுகர் குறையணும்னு குடிச்சு சுகரை ஏத்திக்கிற காமெடி அது. 'இந்திய ஜின்செங்' என்று போட்டிருந்தால் அது அமுக்கரா கிழங்கு, முற்றிலும் வேறு செடி. தைராய்டு அளவையும் மாற்றக்கூடியது.

கண்புரையோ ஹெர்னியாவோ, ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் குறைந்தது ஏழு நாள் முன்பே டீயை விட்டுவிட வேண்டும். மயக்க மருந்து டாக்டர் "என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க?" என்று கேட்கும்போது அப்பா டீயைச் சொல்ல மாட்டார், அது அவருக்கு மாத்திரை இல்லையே. பக்கத்தில் நிற்கும் நீங்கள் சொல்லுங்கள்.