படம் சுருக்கவா பி.எட். படித்தார்கள்?

திண்டுக்கல் பக்கம் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியை மனசுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். வேடசந்தூர் ரோட்டில் இருந்தாலும் சரி, நிலக்கோட்டைப் பக்கம் இருந்தாலும் சரி. 16 வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், மொத்தம் 640 பிள்ளைகள். அடையாள அட்டைக்கோ உதவித்தொகைக்கோ எல்லோருடைய படமும் வேண்டும். வகுப்பாசிரியர்கள் ஆளுக்கொரு செல்போனில் அரை நாளில் எடுத்து முடித்துவிடுவார்கள். கூத்து அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

செல்போன் படம் ஒன்று 3, 4 எம்.பி. இருக்கும். விண்ணப்பப் பக்கம் கேட்பதோ 50 கே.பி.க்குள். (டி.என்.பி.எஸ்.சி. எழுதியவர்களுக்கு அந்த "20 முதல் 50 கே.பி." என்ற வரி மனப்பாடமே ஆகியிருக்கும்!) ஆக, ஒவ்வொரு படத்தையும் பெயின்ட்டில் திறக்க வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும், வேறு பெயரில் சேமிக்க வேண்டும், எத்தனை கே.பி. வந்தது என்று பார்க்க வேண்டும். கூடிப்போனால் மறுபடியும் முதலிலிருந்து. வேகமான கையாக இருந்தாலும் படத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். 640 படத்துக்கு 960 நிமிடம். அதாவது 16 மணி நேரம். 45 நிமிடப் பீரியடாகக் கணக்குப் போட்டால் 21 பீரியடுக்கு மேல்.

இந்த 21 பீரியடை யார் தலையில் கட்டுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். கம்ப்யூட்டர் டீச்சர் இருந்தால் அவர். இல்லாவிட்டால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர். "நீங்கதான் சின்ன வயசு, டக்குனு முடிச்சுடுவீங்க" என்று ஒரு பாராட்டு வேறு!

இத்தனைக்கும் இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவி இன்று நேற்று வந்ததல்ல. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளை ஜான் கிறிஸ்டி என்பவர் டூபாண்ட் நிறுவனத்தில் இருந்தபோது 1987இல் எழுதத் தொடங்கினார். 1990இலேயே அது பொதுவில் வந்துவிட்டது. அதை விண்டோஸ் கணினியில் நிறுவிவிட்டு, ஒரு வகுப்பின் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இந்த இரண்டு வரியை இட்டால் போதும்:

```
mkdir small
magick mogrify -path small -auto-orient -resize "350x450^" -gravity center -extent 350x450 -strip -define jpeg:extent=48kb *.jpg
```

40 படமும் ஒரு டீ ஆறுவதற்குள் தயார். 16 வகுப்புக்கும் சேர்த்து, ஃபோல்டர் மாற்றும் நேரத்தையும் கூட்டினால்கூட ஒரு பீரியடில் முடிகிற வேலை.

சரி, இதைக் கண்டுபிடித்த ஆசிரியர் ஒருவர் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஐந்து நிமிடம் பேசப் போகிறார். வழக்கமாக என்ன நடக்கும்? புரொஜெக்டரில் கட்டளை ஓடும், படங்கள் வந்து விழும், எல்லோரும் கை தட்டுவார்கள். "சார் பெரிய ஆளு" என்பார் ஹெச்.எம். அவ்வளவுதான். அடுத்த வருடம் 640 படமும் நேராக அந்தப் பெரிய ஆளின் மேசைக்கே வந்து சேரும். பக்கத்து ஸ்டாஃப் ரூமில் இன்னொருவர் பெயின்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, சாவியை ஒரே ஆள் இடுப்பில் முடிந்து வைத்த கதைதான்.

அதனால் அந்த ஐந்து நிமிடத்தை வித்தை காட்டச் செலவழிக்கக் கூடாது. கட்டளை எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும், மிச்சம் எது மனிதர் வேலை என்று மூன்றையும் சொல்ல வேண்டும். பேச்சின் தொடக்கமே இப்படி இருக்கலாம்: "ஐயா, போன வருசம் இந்த வேலைக்கு 21 பீரியட் போச்சு. இந்த வருசம் ஒரு பீரியட் போதும். ஆனா அந்த ஒரு பீரியடை எல்லாரும் கத்துக்கணும்."

முதலில் அந்த நீளமான வரி. அதில் உள்ள நான்கு சொற்கள் புரிந்தால் போதும்.

`-path small` என்பதுதான் உயிர்நாடி. சுருக்கிய படங்களை small என்ற தனி ஃபோல்டரில் போடு என்று அர்த்தம். இதை மறந்துவிட்டால் mogrify அசல் படத்தின் மேலேயே எழுதிவிடும். "அழிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. 640 பிள்ளைகளையும் மறுபடி வரிசையில் நிற்க வைக்க வேண்டியதுதான். ஆகவே மீட்டிங்கில் நிஜப் படங்களை வைத்துச் செய்து காட்டவே கூடாது, நகல் எடுத்த ஃபோல்டரில்தான் காட்ட வேண்டும்.

`-auto-orient` அடுத்தது. செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைப் படுக்கை வாக்கிலேயே சேமித்து, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் உள்ளே எழுதி வைக்கும். கடைசியில் வரும் `-strip` அந்தக் குறிப்புகளையெல்லாம் துடைத்துவிடும். அதனால் துடைப்பதற்கு முன்பே படத்தை நிஜமாகத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வகுப்பு படுத்துக்கொண்டு போஸ் கொடுக்கும்.

`"350x450^"` என்பது அளவு. 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம் என்ற பாஸ்போர்ட் படத்தின் அதே விகிதம். பெயின்ட்டில் விகிதத்தைக் காக்கும் டிக்கை எடுத்துவிட்டு இந்த எண்களை அடித்தால் முகம் சப்பையாகிவிடும். கட்டளை அப்படி நசுக்காது. 3000க்கு 4000 என்று இருக்கும் படத்தை முதலில் 350க்கு 467 ஆக்கும், பிறகு கூடுதலாக இருக்கும் 17 புள்ளியை மேலும் கீழும் பாதிப் பாதியாக வெட்டும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுப் படம் எடுத்தால் போதும், முடி வெட்டுப்படாது. அந்த மேல்நோக்கிய குறி விண்டோஸில் மேற்கோளுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

`jpeg:extent=48kb` கடைசி. படம் 48 கே.பி.யைத் தாண்டாமல் எவ்வளவு நல்ல தரம் கிடைக்குமோ அதை இமேஜ்மேஜிக்கே தேடிக் கண்டுபிடிக்கும். பெயின்ட்டில் ஆசிரியர் தடவித் தடவிப் பார்த்ததைத்தான் இது செய்கிறது. 50 என்று இல்லாமல் 48 என்று வைப்பது ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவதற்காக.

இனி ஆட்சேபனைகள். மூத்த ஆசிரியர் ஒருவர் நிச்சயம் எழுந்து, "கையால செஞ்சா ஒவ்வொரு படத்தையும் பார்த்துச் செய்யறோம். மெஷினுக்கு யார் படம்னு தெரியுமா?" என்பார். அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவர் கேட்பது சரியான கேள்வி. முருகேஸ்வரி படத்துக்கு மகேஸ்வரியின் சேர்க்கை எண்ணைப் பெயராக வைத்திருந்தால், கட்டளை அந்தத் தப்பையும் அழகாக 48 கே.பி.க்குள் சுருக்கித் தரும். உதவித்தொகை நிற்கப்போவது அந்தப் பெண்ணுக்கு.

ஆனால் கையால் செய்கிறவர் மட்டும் பார்க்கிறாரா என்ன? 200வது படத்தைச் சுருக்கும்போது கண் கே.பி.யைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. அதுவும் 16 வகுப்புப் படங்களையும் சுருக்குகிறவருக்கு 640 முகமும் தெரியவா போகிறது? தெரிந்தவர் வகுப்பாசிரியர். அவரிடம் காட்ட இன்னொரு வரி இருக்கிறது:

```
magick montage -label "%t" small\*.jpg -tile 8x -geometry 120x154+4+4 check.jpg
```

இது 40 முகத்தையும் ஒரே பக்கத்தில், ஒவ்வொன்றின் கீழும் அதன் கோப்புப் பெயரோடு அடுக்கித் தரும். கோப்புப் பெயர் சேர்க்கை எண்ணாக இருந்தால் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு சில நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். படுத்திருக்கும் படம், தலை வெட்டுப்பட்ட படம், ஆள் மாறிய படம் எல்லாம் அங்கேயே கண்ணில் படும். எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 40 கொடுத்து 38 வந்திருந்தால், இரண்டு படம் .jpeg என்றோ ஐபோனின் .heic என்றோ முடிந்திருக்கும். கட்டளை .jpg மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அளப்பது மெஷின் வேலை, ஆளை அடையாளம் காண்பது வாத்தியார் வேலை. இத்தனை நாள் அளப்பதில் களைத்துப்போய் அடையாளம் காண்பதைக் கோட்டை விட்டோம் என்று அந்த மூத்த ஆசிரியரிடமே சொல்லலாம்.

இரண்டாவது ஆட்சேபனை, "எதுக்கு இந்தத் தலைவலி? ஆன்லைன்ல 50 கே.பி. ஆக்கித் தர்ற சைட் இருக்கே?" இதற்குத்தான் கோபப்பட வேண்டும். அந்தத் தளம் யாருடையது, படத்தை எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்று அங்கே படம் ஏற்றுகிற யாருக்காவது தெரியுமா? செல்போனில் இடம் குறிக்கும் வசதி ஆன் ஆகி இருந்தால் அசல் படத்துக்குள் எடுத்த இடம்கூட இருக்கும். பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் 40 பேரின் முகம், பெயர், எடுத்த இடம் என்று தட்டில் வைத்துக் கொடுப்பதற்குப் பெயர் சௌகரியமா? 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. பெற்றோர் பள்ளியை நம்பித்தான் படம் எடுக்க விட்டார்கள், ஊர் பேர் தெரியாத தளத்தை நம்பி இல்லை. இமேஜ்மேஜிக் ஓடும்போது ஒரு படம்கூடப் பள்ளிக் கணினியை விட்டு வெளியே போகாது. `-strip` இடக் குறிப்பையும் துடைத்துவிடுகிறது. நேர மிச்சத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்த ஒன்றுக்காகவே மாறலாம்.

ஆக, மீட்டிங் முடியும்போது கைதட்டல் வேண்டாம், மினிட்ஸ் நோட்டில் மூன்று வரி வேண்டும். ஒன்று, இரண்டு கட்டளைகளும் தமிழ் விளக்கத்தோடு அச்சடித்து அலுவலகக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டப்படும், குறைந்தது மூன்று பேர் ஓட்டிப் பழகுவார்கள். இரண்டு, சரிபார்க்கும் பக்கத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்து போட்ட பிறகே படம் மேலே ஏறும். மூன்று, பிள்ளைகளின் படத்தை வெளித் தளங்களில் சுருக்கக் கூடாது.

இதை எழுதாமல் கலைந்தால் 16 மணி நேரம் மிச்சமானது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் இன்னொரு படிவம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் அதே சின்ன வயசு டீச்சர் மேசையில். 21 பீரியடை வகுப்பறைக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பது ஒன்றும் அதிகப்படி இல்லையே? உங்கள் பள்ளியில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள் மக்களே...