தடம் விழாத முதல் திருத்தம்

நிறுவனங்கள் (கணக்குகள்) விதிகள், 2014-இன் மூன்றாம் விதியில் சேர்க்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிபந்தனை, கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனம் ஒவ்வொரு பதிவுக்கும் தணிக்கைத் தடத்தை, அதாவது எந்தப் பதிவு எந்நாளில் எவ்வாறு மாற்றப்பட்டது என்று மென்பொருள் தானே எழுதி வைக்கும் திருத்தக் குறிப்பை, அணைக்க இயலாதபடி வைத்திருக்க வேண்டும் என்கிறது. அத்தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா, அழிக்கப்படாமல் காக்கப்பட்டதா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது தணிக்கை விதிகளின் 11(ஜி). கையெழுத்துத் தமிழ்ப் பேரேட்டைப் படித்து, வெளியூரிலிருந்து வரும் தணிக்கையாளருக்காக ஆங்கிலக் கணக்காக்கித் தரும் பணியில் உள்ளோர் இந்த விதி தம்மைத் தொடவில்லை என்று இதுவரை எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

விதி மென்பொருளைப் பற்றியது. கையால் எழுதிய ஏட்டைப் பற்றியதன்று. ஆனால் மண்டியில் நாள்தோறும் தமிழில் எழுதப்படும் நாளேடும் பேரேடும் ஒருபுறமிருக்க, ஆண்டு முடிந்தபின் அவற்றிலிருந்து பெயர்த்த ஆங்கிலப் பதிவுகள் மென்பொருளில் ஏற்றப்படும்போது, சட்டத்தின் பார்வையில் நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் இவ்விரண்டில் எது என்ற கேள்வி எழுகிறது. திரையில் உள்ளதே புத்தகம் என்றால் அதற்குத் தடம் கட்டாயம். தமிழ் ஏடே புத்தகம் என்றால் ஆங்கிலம் வெறும் மொழிபெயர்ப்பு, அதைத் தணிக்கை செய்வதற்கே பொருளில்லை. நடைமுறையில் பெரும்பாலோர் முன்னதை ஏற்கின்றனர். அப்போது தமிழ் ஏடு மூல ஆவணமாகிறது. அதைப் படிக்கும்போது நேரும் பிழை எந்தத் தடத்திலும் விழாத பிழையாகிறது.

இதன் அளவை உணர, வற்றல் மிளகாய் விற்றுக் கொடுக்கும் ஒரு கமிஷன் மண்டியின் நாளேட்டில் இருக்கக்கூடிய ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டால் போதும். குரோதி வருடம், பங்குனி 18, செவ்வாய். ஒரு விவசாயியின் சரக்கு 1,00,000 ரூபாய்க்கு விற்றது. கமிஷன் 2,000, இறக்குகூலி 800, மகமை 100 போக அவர் வரவு 97,100. அடுத்த வரியில், மேற்படியைக் குறிக்கும் ௸ என்ற குறியோடு, பற்று 50,000. இப்படி நான்கு வரிகளில் முடியும் பதிவில் பொருள் வழுக்கும் இடங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, வரவு என்ற சொல்லே. பாடநூல்கள் பற்று, வரவு என்ற இணையை இரட்டைப் பதிவின் இரு பக்கங்களுக்கு நிலைநிறுத்திவிட்டதால், எங்கு வரவு என்று கண்டாலும் ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’ என்று எழுதும் பழக்கம் படிந்துவிட்டது. ஆள்பெயரின் கீழ் அது சரியே. விவசாயிக்கு 97,100 கிரெடிட் ஆவதில் ஐயமில்லை. ஆனால் நாளேட்டின் வரவுப் பக்கம் கடைக்குள் வந்த பணத்தைக் காட்டுவது. அதன் கூட்டுத்தொகையை அப்படியே ரொக்கக் கணக்கில் கிரெடிட் செய்தால் ரொக்கம் எதிர்மறையாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வழி அந்த ஏட்டிலேயே இருக்கிறது. நேற்றைய ரொக்க இருப்பு வரவுப் பக்கத்தின் முதல் வரியாக எழுதப்பட்டிருந்தால், அப்பக்கம் ரொக்கத்துக்கு டெபிட் பக்கம் என்பது உறுதி. (அந்த முதல் வரிக்கும் மேலே பிள்ளையார் சுழியை அடுத்து ‘லாபம்’ என்று மங்கலமாக எழுதியிருப்பதை வருமானமாகப் பெயர்க்கத் துணிவோர் மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை.)

இரண்டாவது, தேதி. பங்குனியை மார்ச் என்று எழுதும் அவசரத்தில் இப்பதிவு 2025 மார்ச் 18 ஆகிவிடுகிறது. குரோதி வருடப் பங்குனி முதல் நாள் மார்ச் 15. ஆகவே மார்ச் 31 பங்குனி 17, இப்பதிவின் நாள் ஏப்ரல் 1. ஒரே நாளில் நிதியாண்டே மாறிவிட்டது: 2,000 ரூபாய்க் கமிஷன் முந்தைய ஆண்டின் வருமானமாகிறது, விவசாயிக்குத் தரவேண்டிய மீதி 47,100 ரூபாய் அவ்வாண்டின் ஐந்தொகையில் பொய்க் கடனாக நிற்கிறது. கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம் என்று கருதுவோருக்கு ஓர் எச்சரிக்கை: தவறான நாளுக்கும் சரியான நாளுக்கும் இடையே சரியாக 14 நாட்கள் இருப்பதால் இரண்டுமே செவ்வாய்க்கிழமைதான். லாரி ரசீதோ வங்கிப் பாஸ்புத்தகமோதான் இப்பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, மகமை. வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஊர்ப் பொதுக் காரியத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கோ என்று பிடித்து ஒதுக்கிவைக்கும் சிறு தொகை அது. ‘டொனேஷன்’ என்று பெயர்த்தால் மண்டியின் செலவாகிறது. பிடித்தம் என்ற அளவில் கமிஷனோடு சேர்த்தால் மண்டியின் வருமானமாகிறது. உண்மையில் அது பிறருக்காகக் கையில் வைத்திருக்கும் பணம், அதாவது பொறுப்பு. இதே இயல்புடைய தர்மாதா வசூல், அறத்துக்கென்றே ஒதுக்கப்பட்டதால், வணிக வரவாகாது என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் பிஜிலி காட்டன் மில்ஸ் வழக்கில் கூறியது. மகமையைப் பெயர்க்காமல் தமிழ்ச் சொல்லாகவே ஆங்கில எழுத்தில் இட்டு, பொறுப்புக் கணக்கில் நிறுத்துவதே முறை.

இவ்விதழ் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இங்கேதான் வந்து சேர்கிறது. மேற்கண்ட மூன்று முடிவுகளையும் எடுத்தவர் யார் என்று கேட்டால், கோப்பில் விடையில்லை. வல்லுநரின் பணியைப் பயன்படுத்துவது பற்றிய எஸ்.ஏ. 620 என்னும் தணிக்கைத் தரம் சொத்து மதிப்பீட்டையும் காப்பீட்டுக் கணிதத்தையும் எண்ணெய் இருப்பு மதிப்பீட்டையும் எடுத்துக்காட்டுகளாகத் தருகிறது. பழைய கையெழுத்தைப் படிப்பவருக்கு அப்பட்டியலில் இடமில்லை. நகையை மதிப்பிட்டவரின் தகுதியையும் சார்பின்மையையும் ஆராயும் தணிக்கையாளர், அந்நகை எத்தனை பவுன் என்று ஏட்டிலிருந்து படித்துச் சொன்னவரின் பெயரைக்கூடக் குறிப்பதில்லை. இந்நிலையில் வந்த புதிய விதி, அவருக்கு மதிப்பைத் தரவில்லை. ஐயத்தை மட்டும் தந்திருக்கிறது. பங்குனி 18-ஐ மார்ச் 18 என்று ஏற்றிவிட்டு, லாரி ரசீதைப் பார்த்தபின் நேர்மையாக ஏப்ரல் 1 என்று திருத்துபவரின் செயல், ஆண்டு முடிவை ஒட்டித் தேதி மாற்றப்பட்ட பதிவு என்று திருத்தக் குறிப்பில் நிற்கிறது. அதே பிழையைத் திருத்தாமல் விட்டவரின் கணக்கோ மாசற்றுத் திகழ்கிறது. இதை அறிந்த நிர்வாகங்கள், எல்லாவற்றையும் விரிதாளில் அடித்துத் திருத்தி முடித்து, இறுதி வடிவத்தை மட்டும் மென்பொருளில் ஏற்றுமாறு சொல்கின்றன. மறைக்கப்படும் திருத்தங்களை வெளிக்கொணர வந்த விதியே திருத்தங்களைத் தடத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. விதியை எழுதியவர்கள் கணக்கு திரையில் பிறப்பதாகவே கருதியிருக்கிறார்கள். திரைக்கு முந்தைய தாளையும் அதைப் படிக்கும் கண்ணையும் ஒரு சொல்லாலும் குறிப்பிடவில்லை.

அதிகாரிகள் விழித்துக்கொள்ளும்வரை தொழிலில் உள்ளோர் தாமே செய்யத்தக்கது ஒன்றுண்டு. மென்பொருளைத் தொடுமுன், ஏட்டின் பக்க எண்ணும் வரி எண்ணும் இட்டு, தமிழ்ப் பதிவை ௸ குறி உள்பட எழுத்துப் பிசகாமல் ஒரு பத்தியிலும், அதன் ஆங்கிலத்தை அடுத்த பத்தியிலும், மேற்படி என்றது விவசாயியையா முந்தைய செலவு வரியையா என்பது போன்ற ஐயங்களையும் அவற்றுக்கான முடிவையும் மூன்றாம் பத்தியிலும் எழுத வேண்டும். மென்பொருளின் விவரக் குறிப்பில் அந்தப் பக்க எண் இடம்பெற வேண்டும்; ஏற்றியபின் காணும் பிழையைப் பழைய பதிவின் மேல் திருத்தாமல், காரணம் எழுதிய எதிர்ப்பதிவால் நேர்செய்ய வேண்டும். இப்படிப் பெயர்த்த தாள்களையும் மூல ஏட்டையும் நிறுவனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களுக்கு விதிக்கும் 8 ஆண்டுக் காலம் ஒன்றாகவே காக்க வேண்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் படித்தவர் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதை எவரும் கேட்கவில்லை என்றாலும்.