பக்கத்து டேபிள் போன் சத்தம்... தோழிக்கு அனுப்பியதை அவருக்கு அனுப்பலாமா?

விழுப்புரத்தில் ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் ரசீதுகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் தினமும் திண்டிவனத்திலிருந்து வந்து போகிறவர். மதியம் ஆனால் வீட்டுக்குப் போன், அதுவும் ஸ்பீக்கரில். பொறுக்க முடியாமல் அந்தப் பெண் தோழிக்கு வாட்ஸ்அப்பில் கொட்டுகிறார்:

“எப்பப் பாரு கத்திக்கிட்டே இருக்காருடி. இது ஆபீஸா, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டான்னே தெரியல. கொஞ்சமாவது மேனர்ஸ் வேணாம்? இன்னைக்கு மட்டும் கணக்கை மூணு தடவை மறுபடி கூட்டினேன்.”

தோழிக்கு இது சரி. அவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் இதில் தேறுவது கடைசி வரி மட்டும்தான். ‘எப்பப் பாரு’ என்றால், “நேத்து நான் பேசவே இல்லையே” என்று வாதம் தொடங்கிவிடும். ‘கத்துறது’, ‘மேனர்ஸ்’ இரண்டும் ஆளைப் பற்றிய தீர்ப்பு. மூன்று தடவை கூட்டியது மட்டும் நடந்த விஷயம். அதை யாரும் மறுக்க முடியாது.

சரி, என்ன கேட்பது? ‘ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க’ என்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இருவர் பேசுவதை முழுதாகக் கேட்பதைவிட, ஒருவர் பேச்சை மட்டும் கேட்பதுதான் கவனத்தை அதிகம் சிதறடிக்கிறது. எதிர்முனை என்ன சொல்லியிருக்கும் என்று மனது தானாக ஊகிக்கப் பார்க்கிறதாம். ஆகவே ஸ்பீக்கர் நின்றாலும் தலைவலி நிற்காமல் போகலாம். இடத்தை மாற்றிப் பேசச் சொல்வதே உபயோகம். அதையும் நாள் முழுக்கக் கேட்காமல், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கேட்டால் அவருக்கும் சுலபம்:

“அண்ணா, ஒரு சின்ன உதவி. மதியம் 3 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் ரசீது கூட்டுறேன். பக்கத்துல போன் பேச்சு கேட்டா கணக்கு விட்டுப்போகுது, நேத்து மூணு தடவை திரும்பக் கூட்டினேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் போன் வந்தா வராண்டாவுல பேச முடியுமா? அவசரம்னா பரவாயில்லை. என்னால உங்களுக்கு ஏதாவது தொந்தரவுன்னா நீங்களும் சொல்லுங்கண்ணா.”

‘மெதுவா பேசுங்க’வில் ‘ங்க’ இருந்தாலும் அது உத்தரவுதான். ‘முடியுமா’ என்றால்தான் அவர் பதில் சொல்ல இடமிருக்கிறது. ‘எல்லாரும் சொல்றாங்க’ என்று ஆள் சேர்க்கவும் கூடாது. உண்மையாகவே இருந்தாலும், அவருக்கு அது பஞ்சாயத்தாகத்தான் படும். ‘வீட்டு விஷயத்தை வீட்டுல பேசுங்க’ என்பது இன்னும் மோசம். இத்தனை நாள் ஒட்டுக் கேட்டதாக ஆகிவிடும்!

ஆபீஸ் குரூப்பில் போடாமல் தனியாக அனுப்ப வேண்டும். அவர் போனில் இருக்கும்போது அனுப்பினால் குத்திக் காட்டியது போலிருக்கும். மறுநாள் காலை நல்லது.

“சரிம்மா” என்று பதில் வந்து, இரண்டு நாள் வராண்டாவுக்குப் போய், மூன்றாம் நாள் மறந்து டேபிளிலேயே பேச ஆரம்பிப்பார். பெரும்பாலும் பழக்கதோஷம்தான். அப்போது இன்னொரு மெசேஜ் வேண்டாம். அவர் போனை வைத்ததும், “அண்ணா, மூணு மணி ஆச்சு” என்று சிரித்தபடி நேரில் சொன்னால் போதும்.