படம் வகையைச் சொல்லும், அளவைச் சொல்லாது

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி சக்கர நாற்காலியின் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். உறவினர் வீட்டில் சும்மா கிடக்கிறதாம், எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். “இது என்ன வகை? 78 வயது அம்மாவுக்குச் சரிப்பட்டு வருமா?” என்று கேட்டிருந்தார். இப்படிப் படம் அனுப்பிக் கேட்பவர்கள் பலர் இருப்பதால், எல்லோருக்குமாக இங்கேயே பதில் எழுதுகிறேன்.

வகையைப் படமே சொல்லிவிடும். முதலில் பின்சக்கரத்தைப் பாருங்கள். பெரிய சக்கரமாக இருந்து, அதன் வெளிப்பக்கம் கையால் பிடித்துத் தள்ள ஒரு வளையமும் இருந்தால், உட்கார்ந்திருப்பவரே ஓட்டிக்கொள்ளலாம். நான்கும் சிறிய சக்கரம் என்றால் பின்னால் ஒருவர் தள்ளியே ஆக வேண்டும். அடுத்து, கைதாங்கியின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஒரு பூட்டோ குமிழோ தெரிந்தால் கைதாங்கியைக் கழற்றலாம் அல்லது மேலே தூக்கலாம். சட்டத்தோடு ஒரே குழாயாக ஓடினால் கழலாது. எழுந்து நிற்க முடியாதவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பக்கவாட்டில் நகர்த்த இது பெரிய தடை. வாசகி அனுப்பியது பெரிய சக்கரமும் கழலாத கைதாங்கியும் கொண்ட, மடக்கும் வகை நாற்காலி.

பொருந்துமா என்பதை இன்ச் டேப்தான் சொல்லும். அம்மாவைக் கெட்டியான நாற்காலியில் நேராக உட்கார வைத்து, இடுப்பின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு தடித்த புத்தகங்களை நிறுத்தி, நடுவே உள்ள தூரத்தை அளக்கச் சொன்னோம். 13 அங்குலம் வந்தது. அதற்கு மேல் ஒன்றிரண்டு அங்குலம் இருந்தால் போதும், அதாவது 14 அல்லது 15 அங்குல இருக்கை. உறவினர் வீட்டு நாற்காலியின் இருக்கையோ 18 அங்குலம். ஐந்து அங்குலம் மீந்தால் உடல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், சக்கரத்தைப் பிடிக்கக் கைகளை அகட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது அளவு, முதுகின் அடிப்பக்கத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. அம்மாவுக்கு அது 16 அங்குலம், இருக்கையின் ஆழமும் அதே 16. பார்க்கப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் பொருந்தாது. இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு அழுத்தும். அந்த வலிக்குத் தப்ப அவர் முன்னால் சரிந்து, முதுகைக் கூன்போட்டு உட்காருவார். அப்போது பாரமெல்லாம் முதுகுத்தண்டின் அடியில் இறங்கி, அங்கே படுக்கைப்புண் வர வழியாகும்.

மூன்றாவது அளவு வீட்டினுடையது. பெரிய சக்கர நாற்காலியின் மொத்த அகலம் பொதுவாக இருக்கையைவிட ஏழெட்டு அங்குலம் கூடுதல். இந்த நாற்காலி 25 அங்குலத்துக்கு மேல் வரும். வாசகி வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து வைத்து நிலைக்குள் அளந்தால் 24 அங்குலம்தான்.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறார். அப்படியானால் வீட்டுக்குள் தேவை வாக்கர். அதிலும் வகையைப் படத்திலேயே கண்டுகொள்ளலாம். நான்கு காலிலும் ரப்பர் புஷ் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைத்து நடப்பது. முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் தூக்கத் தெம்பில்லாதவருக்கு எளிது. நான்கு சக்கரமும் கைபிரேக்கும் உட்காரும் பலகையும் உள்ளது வேறு வகை. நன்றாக நடந்து, இடையிடையே களைப்பவருக்கே அது ஏற்றது. முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டுச் சாய்பவரிடம் கொடுத்தால் முன்னால் ஓடிவிடும்.

உயரம் பார்க்க, வழக்கமாகப் போடும் செருப்போடு அவரை நேராக நிற்க வைத்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடியும். தோள் மேலே ஏறினால் வாக்கர் உயரம் அதிகம், முதுகு குனிந்தால் குறைவு. காலில் உள்ள பொத்தானை அழுத்தி ஒவ்வொரு துளையாக மாற்றலாம். நான்கு கால்களும் ஒரே துளையில் நிற்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர் புஷ் வழவழவென்று தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள், ஈரத் தரையில் அது வழுக்கும்.

அம்மா அடிக்கடி விழுகிறவராகவோ பக்கவாதம் வந்தவராகவோ இருந்தால், வாங்குமுன் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவரை நேரில் பார்ப்பது அவசியம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி எங்களுக்குப் படம் அனுப்புகிறவர்கள், பக்கவாட்டில் ஒன்றும் நேர் எதிரே ஒன்றுமாக இரண்டு எடுங்கள். நேர் எதிர்ப் படத்தில் இருக்கையின் மேல் இன்ச் டேப்பை விரித்து வையுங்கள். கூடவே இடுப்பு, தொடை, கதவு ஆகிய மூன்று அளவுகளையும் எழுதுங்கள். நிச்சயம் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்