"அது சிறுநீர்தான்" என்று சொல்ல கங்காணி யார்?

எட்டு மாதக் கர்ப்பிணியான நமது சகோதரி ஒருவருக்கு மலையில் கொழுந்து எடுக்கும்போதே சேலை நனைந்தது. "சிறுநீராக இருக்கும், நிறுத்துவிட்டுப் போ" என்றார் கங்காணி. போனால் அரைப்பேர் என்ற பயத்தில் அவர் மாலைவரை நின்றார். இரவில் காய்ச்சல் கண்டது. உடைந்திருந்தது பன்னீர்க்குடம். குடம் உடைந்தபின் நேரம் போகப் போக கிருமி உள்ளே ஏறும்.

சகோதரிகளே, சிறுநீருக்கு அதன் வாடை உண்டு. இருமினால், சிரித்தால் சிந்தி நின்றுவிடும். வழமையான வெள்ளை தடிப்பாகப் பிசுபிசுக்கும். பன்னீர் தண்ணீர்போல வரும், அடக்கினாலும் நிற்காது.

சந்தேகமென்றால் சிறுநீர் கழித்துவிட்டு, காய்ந்த சுத்தமான வெள்ளைத்துணியை மடித்து வைத்து அரைமணி நேரம் படுங்கள். எழும்பும்போது துணி நனைந்து, சிறுநீர் வாடை இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணி காய்ந்திருந்தாலும் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். பச்சை, மண்ணிறம், இரத்தம் தெரிந்தாலோ, 37 வாரம் ஆகாவிட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ துணி வைத்துப் பார்த்திருக்க வேண்டாம்; அப்போதே புறப்படுங்கள்.

முடிவு சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஈரம் கண்ட நிமிடமே முழுப்பேர் போட்டு, வாகனமும் கொடுத்து அனுப்ப வேண்டியது தோட்ட நிர்வாகம். இதை நாம் தயவாகக் கேட்கவில்லை.