விட்டுப்போன ஏழு நாளைத் துரத்தாதீர்கள்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாய். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். "டீச்சர், இந்த ஒரு தடவைதான்னு வீட்ல சொல்லிட்டாங்க. பாதியிலேயே பிளான் போச்சு. விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இதே நிலையில் உங்களில் சிலர் இருப்பீர்கள்.

அவளுடைய திட்டம் 60 நாள். தினமும் நாலு மணி நேரம். முதல் 45 நாளுக்கு நாளுக்கு ஒரு பகுதி வீதம் 45 பகுதி. கடைசி 15 நாள் திருப்புதலுக்கும் மாதிரித் தேர்வுக்கும். 19ஆம் நாள் வரை சரியாகப் போயிருக்கிறது. 20ஆம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். அது சரியானதும் நாத்தனாரின் வளைகாப்பு. ஏழு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

27ஆம் நாள் உட்கார்ந்தவள், விட்டதைச் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் இரண்டு பகுதி படித்தாள். மறுநாள் ஒன்றரை. அதற்கு மறுநாள் தலைவலி, அரைப் பகுதி. நான்காம் நாள் ஒன்றுமில்லை. கூட்டிப் பாருங்கள், நாலு நாளில் நாலு பகுதி. வழக்கம்போல் படித்திருந்தாலும் இதே நாலுதான் முடிந்திருக்கும். பாக்கி ஏழு அப்படியே ஏழாக நின்றது. மனசு மட்டும் உடைந்துவிட்டது.

இதில் எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. "விட்டதையும் சேர்த்து முடிச்சிட்டு வா" என்று வகுப்பில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு நாள் வீட்டுப்பாடத்துக்கு அது சரிப்படும். ஒரு வாரப் பாக்கிக்குச் சரிப்படாது. ஏற்கெனவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாத வீட்டில் எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்?

அவள் மனதில் வேறு இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, முதல் நாளிலிருந்து புதிதாக ஆரம்பிப்பது. படித்ததையே மறுபடி படிப்பது சுகமாக இருக்கும், ஆனால் தேர்வுத் தேதி நகராது. இன்னொன்று, கடைசி 15 நாளில் ஏழை எடுத்துக்கொள்வது. இதுதான் எல்லோரும் செய்வது, இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் எபிங்காஸ் என்ற ஜெர்மானியரைப் பற்றிப் படித்தோம். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று 1885இல் எழுதினார். படித்த சில நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, திரும்பப் படித்தால்தான் தங்குகிறது. பாடப்புத்தகத்தில் நூலும் ஆசிரியரும், ஆண்டும் நிகழ்வும் என்று படிக்கிற இந்தத் தேர்வுக்கு அது நன்றாகவே பொருந்தும். திருப்புதலை வெட்டினால் புதிதாகப் படித்ததோடு பழையதும் போகும்.

அன்று மாலை நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பழைய அட்டவணையின் தேதிகளை அடித்துவிட்டோம். 'பாக்கி ஏழு' என்ற பேச்சை விட்டுவிட்டு, இனி மீதி எத்தனை என்று மட்டும் எண்ணினோம். 22 பகுதி. திருப்புதலுக்கு முன் இருப்பது 15 நாள். 22இல் தமிழ் 9, பொது அறிவு 9, கணக்கும் அறிவுக்கூர்மையும் 4.

அடுத்து எதைக் குறைப்பது? பிடிக்காததை வெட்டத்தான் கை போகும். மதிப்பெண்ணைப் பார்த்து வெட்ட வேண்டும். குரூப் 4இல் மொத்தம் 200 கேள்வி, அதில் தமிழ் மட்டும் 100. தமிழில் 150க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. ஒவ்வொரு தமிழ்ப் பகுதிக்கும் பழைய வினாத்தாளிலிருந்து பத்துக் கேள்வி கொடுத்துப் பார்த்தோம். பத்துக்கு ஏழு வந்தால் அது திருப்புதலுக்கு மட்டும் போகும். ஏழு என்பது என் வழக்கம்தான், விதி அல்ல. பள்ளியில் நன்றாகப் படித்த பெண், இலக்கணத்தில் நாலு பகுதி அப்படியே தேறிவிட்டது. தமிழில் மீதி 5.

பொது அறிவில் 75 கேள்விதான், பாடமோ கடல். ஒன்பதில் ஐந்தை முழுதாகப் படிப்பது, மற்ற நாலுக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளும் கட்டம் போட்ட செய்திகளும் மட்டும். அந்த நாலும் சேர்ந்து ஒரு நாள் வேலை.

கணக்கில் 25 கேள்வி. விழுக்காடு, தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் எல்லாம் ஒரே நாளில் நாலு மணி நேரம் போட்டு முடிக்கிறவை அல்ல. கைப்பழக்கம் வேண்டும். அந்த நாலு பகுதியையும் அட்டவணையிலிருந்து எடுத்து, மீதமுள்ள 30 நாளும் காலையில் அரை மணி நேரமாகப் பரப்பிவிட்டோம். மொத்தம் 15 மணி நேரம் வருகிறது, கிட்டத்தட்ட அதே அளவு.

இப்போது 22 என்பது 11 ஆகிவிட்டது. காலை அரை மணி போக நாளுக்கு மூன்றரை மணி நேரம் இருக்கிறது. 11 பகுதிக்கு 44 மணி நேரம் என்றால் 13 நாள் போதும். இரண்டு நாள் மிச்சம். அந்த இரண்டிலும் எதையும் எழுதாதே என்றேன். அவள் பழைய அட்டவணையில் ஒரு நாள்கூடக் காலியாக இல்லை, அதுதான் அதன் கோளாறு. பிள்ளைக்குக் காய்ச்சல் வராத இரண்டு மாதம் எந்த வீட்டில் இருக்கிறது?

மறுநாள் காலை புதுப் பாடத்தை எடுக்காதே என்றும் சொன்னேன். ஏழு நாள் இடைவெளியில் அதற்கு முன் படித்ததும் கரைந்திருக்கும். கடைசியாகப் படித்த மூன்று பகுதியில் ஒரு மணி நேரம் கேள்வி போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தொடங்கு.

இந்தப் புது அட்டவணையும் தவறலாம். தொடர்ந்து மூன்று நாள் அன்றைய வேலை மிஞ்சினால், நாளுக்கு வைத்த அளவு அதிகம் என்று பொருள். அப்போது நேரத்தைக் கூட்டாமல் அளவில் கால் பங்கைக் குறைக்க வேண்டும். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், படித்ததை மட்டும் திருப்புங்கள்.

நேற்று போன் செய்தாள். நடுவில் ஒரு நாள் மறுபடி போனதாம், காலியாக விட்ட நாள் அதை வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு பொது அறிவுப் பகுதி படிக்கவில்லை, திருப்புதல் ஆரம்பித்துவிட்டேன் என்றாள். அந்த ஒன்றைப் படிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

திட்டம் தவறியவர்கள் இன்று மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, மீதி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதும் குழப்பமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்